பேத்திக்குக் கொடுத்த ஒரு லட்சம்: பதினெட்டு வருஷம் எங்கே வைப்பது?

என் தாத்தா நான் பிறந்தபோது என் பெயரில் வங்கியில் ஐயாயிரம் ரூபாய் போட்டார். அந்த டெபாசிட் ரசீதை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். மடித்த இடமெல்லாம் பழுத்து, நீல மையில் எழுதியது பாதி மங்கிவிட்டது. அதில் "வட்டி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்ற வரியில் மட்டும் பேனாவால் ஒரு டிக். அந்த டிக்கால் வட்டியெல்லாம் அவ்வப்போது சேமிப்புக் கணக்குக்கு வந்தது, வீட்டுச் செலவில் கரைந்தது. எனக்குப் பதினெட்டு வயதானபோது கையில் கிடைத்தது அதே ஐயாயிரம்தான். வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்க்கும்படி எழுதியிருந்தால், பத்து சதவீதக் கணக்கில் அது 27,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

போன மாதம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா தன் ஓய்வுப் பணத்திலிருந்து பேத்திக்கு ஒரு லட்சம் எடுத்து வைத்தார். "இதை அவள் பெரியவளாகும் வரை யாரும் தொடக்கூடாது" என்றார். எங்கே வைப்பது என்று பார்க்கும் பொறுப்பு தாய்மாமனான என்னிடம் வந்தது.

அம்மாவின் மனதில் முதலில் இருந்தது நகை. தங்கத்தின் விலை நீண்ட காலத்தில் நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆனால் நகையாக வாங்கும்போது சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி என்று முதல் நாளே ஒரு பங்கு போய்விடுகிறது. குழந்தைக்குப் போடும் காப்பு மூன்று வயதில் பத்தாது. மாற்றினால் மறுபடியும் சேதாரம். அவசரத்துக்கு அடகுக் கடைக்கு முதலில் போவதும் அதுதான். தொடாமல் வைக்க வேண்டிய பணத்துக்கு நகை சரிவராது என்று அம்மாவே ஒப்புக்கொண்டார்.

அடுத்து வங்கி டெபாசிட். ஆண்டுக்கு 6.5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டு வருஷத்தில் ஒரு லட்சம் சுமார் 3.19 லட்சம் ஆகும். காகிதத்தில் அழகான தொகை. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது வரி. குழந்தைக்கு வரும் வட்டியைப் பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். பணம் கொடுத்தது பாட்டி என்பதால் இது மாறாது. வட்டி கைக்கு வராமல் டெபாசிட்டுக்குள்ளேயே சேர்ந்தாலும் வருஷா வருஷம் வரி உண்டு. தங்கையின் கணவர் 20 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார். அந்த வரியையும் கழித்துப் பார்த்தால் 3.19 லட்சம் சுமார் 2.52 லட்சமாகச் சுருங்குகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று ஒரு லட்சத்துக்கு வாங்குவதை அன்று வாங்க 2.85 லட்சம் வேண்டும். அதாவது பணம் வளர்ந்ததுபோலத் தெரியும், வாங்கும் சக்தி குறைந்திருக்கும்.

இரண்டாவது ஓட்டை, புதுப்பித்தல். பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் டெபாசிட் போட முடியாது; நடுவில் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். அன்று வட்டி என்ன இருக்குமோ அதுதான். 2013-ல் 9 சதவீதத்தை ஒட்டி இருந்த வட்டி, 2020-ல் 5.5-க்கு அருகில் வந்தது. மறந்துவிட்டால் இன்னும் மோசம்: முதிர்ந்த பிறகு அப்படியே கிடக்கும் பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய டெபாசிட் வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

பெண் குழந்தை என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் கைக்கு வந்தது. 2024 ஜனவரியிலிருந்து இதற்கு 8.2 சதவீதம். வட்டிக்கு வரியே கிடையாது; மேலே சொன்ன முதல் ஓட்டை இங்கே அடைபடுகிறது. ஒரு வருஷத்தில் 1.5 லட்சம் வரை போடலாம், ஆகவே முழு ஒரு லட்சத்தையும் முதல் நாளே போட முடியும். இதே வட்டி நீடித்தால் பதினெட்டாம் வயதில் சுமார் 4.13 லட்சம், இருபத்தொன்றில் 5.23 லட்சம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவு செய்கிறது, இதே திட்டம் 7.6-க்கும் இறங்கியிருக்கிறது. 7.5 என்று வைத்தால் பதினெட்டில் 3.68 லட்சம் வரும்.

ஆனால் இதில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. முதல் 15 வருஷம், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட வேண்டும். விட்டால் கணக்கு தவணை தவறியதாகிவிடும், சரிசெய்ய வருஷத்துக்கு 50 ரூபாய் அபராதம். அப்புறம், பதினெட்டில் படிப்புக்காகப் பாதிதான் எடுக்கலாம். முழுப் பணமும் கணக்கு தொடங்கி 21 வருஷம் முடிந்தபின், அல்லது பதினெட்டுக்குப் பிறகு கல்யாணம் என்றால். பையனாக இருந்தால் இந்த வழியே கிடையாது, 7.1 சதவீதம் தரும் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. அதில் ஆண்டுக்கு 500 ரூபாய் போட வேண்டும்.

நான்காவது, நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது நிஃப்டி பட்டியலில் உள்ள ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளில் அப்படியே பணம் போடும் ஃபண்ட். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் பதினெட்டு வருஷத்தில் 5.56 லட்சம். இது யாரும் உறுதி தராத எண். 2008 ஜனவரியில் 6,300-க்கு மேல் நின்ற நிஃப்டி அதே அக்டோபரில் 2,300-க்குக் கீழே போனது. குழந்தையின் பதினேழாம் வயதில் அப்படி ஒரு வருஷம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. லாபத்தை இடையில் கொடுக்காமல் ஃபண்டுக்குள்ளேயே வைக்கும் குரோத் வகையில் விற்கும் வரை வருமானமே கிடையாது, ஆகவே இடையில் வரியும் இல்லை. பதினெட்டுக்குப் பிறகு விற்றால் லாபம் அவளுடையது, பெற்றோருடையது அல்ல. இன்றைய விதிப்படி ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இரண்டு மூன்று வருஷமாகப் பிரித்து விற்றால் வரி மிகக் குறையும்.

கட்டணத்தைப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போகும் ரெகுலர் திட்டம் ஆண்டுக்கு அரை சதவீதம் கூடுதலாக எடுத்தால், 5.56 லட்சம் 5.12 லட்சமாகிறது. அரை சதவீதம் என்று காதில் விழுவது, அம்மா கொடுத்த பணத்தில் கிட்டத்தட்ட பாதி. அதனால் ஏஜென்ட் இல்லாமல் நேராக வாங்கும் டைரக்ட் திட்டம். பதினெட்டு ஆன அன்று கணக்கு நிறுத்திவைக்கப்படும். அவளுடைய பான், கேஒய்சி, வங்கிக் கணக்கு கொடுத்து அவள் பெயருக்கு மாற்றிய பிறகே விற்க முடியும். கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் வேண்டுமென்றால் இதைப் பிறந்தநாளுக்கு முன்பே தயார் செய்ய வேண்டும்.

ஒன்றையே தேர்ந்தெடு என்றால் நான் செல்வமகளைச் சொல்வேன், வரி இல்லாததும் எளிதில் எடுக்க முடியாததும் இந்த நோக்கத்துக்குப் பொருந்துகின்றன. ஆனால் அம்மா கேட்டதும் பாதிப் பாதி என்று சொன்னேன். ஐம்பதாயிரம் செல்வமகளில் பதினெட்டில் சுமார் 2.07 லட்சம், ஐம்பதாயிரம் இண்டெக்ஸில், 10 சதவீதம் கிடைத்தால், 2.78 லட்சம். சந்தை விழுந்திருந்தால் படிப்புக்குச் செல்வமகளிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டு, இண்டெக்ஸ் ஏறும் வரை காத்திருக்கலாம்.

பாட்டி என்ற முறையில் செல்வமகள் கணக்குத் தொடங்க முடியாது, தாயோ தந்தையோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க வேண்டும். அதனால் தங்கை தபால் நிலையத்துக்குப் போய் வந்தாள். மாதம் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். அதற்காக 3-ஆம் தேதியே போனாள். பாஸ்புக்கின் உள் அட்டையில் அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "ஏப்ரல் முதல் வாரம், 250 ரூபாய், மறக்காதே."