சூளையில் பானை சிவப்பது எப்படி: வைசேடிகமும் நியாயமும்

சேலத்துக் குயவர் சூளையில் கருமையாக வைக்கப்படும் சுடாத பானை சிவந்து வெளிவருகிறது. பண்டைய இந்தியத் தத்துவப் பள்ளிகளுள் ஒன்றான வைசேடிகத்தின் வகைப்பாட்டில் பானை திரவியம், அதாவது பொருள்; நிறம் அதன் குணம். இரண்டையும் பிரிக்க இயலாதபடி பிணைப்பது சமவாயம். அப்படியானால் பழைய நிறம் போய்ப் புதிய நிறம் வருவது எங்கே நிகழ்கிறது?

மேலும் பிரிக்க முடியாத நுண்துகளாகிய பரமாணுவில் என்கிறார்கள் வைசேடிகர். முழுப்பொருளின் நிறம் அதன் உறுப்புகளின் நிறத்திலிருந்தே தோன்றுவதால், பானை பானையாக இருக்கும்வரை அதன் கருமை நீங்காது. ஆகவே தீயின் தாக்கத்தால் பானை பரமாணுக்களாகச் சிதறுகிறது. ஒவ்வொன்றிலும் கருமை அழிந்து செம்மை பிறக்கிறது. பின்பு இரண்டிரண்டாகச் சேர்ந்து துவியணுகமும், அவை மூன்று கூடித் திரியணுகமும் ஆகி, படிப்படியாகப் புதிய பானை உருவாகிறது. இது பீலுபாகவாதம்.

நியாயம் என்னும் தருக்கப் பள்ளியினரின் பிடரபாகவாதமோ, நுண்துளைகள் வழியே வெப்பம் உட்புகுவதால் பானை உடையாமலே முழுவதும் நிறம் மாறும் என்கிறது. சிதறியிருந்தால், மேலே அடுக்கிய பானைகள் சரிந்திருக்க வேண்டுமே என்பது அவர்கள் கேள்வி. சிதைவும் சேர்க்கையும் மிக விரைவாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்ற வைசேடிகரின் விடை எனக்குச் சற்று வலிந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் தம் விதியில் அவர்கள் தளரவில்லை; அதன்படி, சூளையிலிருந்து எடுப்பது உள்ளே வைத்த அதே பானை அன்று.