தமிழ் எஸ்எம்எஸ் பேக் வாங்கப் போகிறீர்களா? எங்கள் 9,000 ரூபாய் போன விதம் இது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் தென்னை விவசாயிகள் சங்கம். உறுப்பினர்கள் 1,200 பேர். பூச்சி, உரம் பற்றிய ஆலோசனைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எஸ்எம்எஸ்ஸாக எழுதி அனுப்புவது என் வேலை. மொத்த எஸ்எம்எஸ் விற்கும் ஒருவரிடம் 50,000 கிரெடிட் வாங்கினோம், 9,000 ரூபாய். வாரம் ஒரு செய்தி போனாலும் ஒன்பது மாதம் வரும் என்ற கணக்கு. மூன்று மாதத்தில் காலி. வயிறு எரிகிறது.

விற்க வந்தவர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, "தமிழோ இங்கிலீஷோ 160 எழுத்து வரைக்கும் ஒரே கிரெடிட்தாங்க" என்றார். எங்கள் எதிரிலேயே ‘வணக்கம்’ என்று அடித்து என் போனுக்கு அனுப்பினார். தமிழ் அழகாக வந்தது. திரையில் ஒரு கிரெடிட்தான் கழிந்தது. அதைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தோம். ‘வணக்கம்’ கணினி எண்ணும்போது ஏழே குறிதான், எந்தக் கணக்கில் போட்டாலும் ஒரு கிரெடிட்தான் வரும். இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் இடம். சாதாரண ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 கொள்ளும். தமிழ் யூனிகோடில் போகிறது, ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். ஆக மொத்தம் 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுகளை இணைக்கும் தகவலுக்கும் இடம் போவதால் ஒரு துண்டுக்கு 67. அப்புறம், கண்ணுக்கு ஒரு எழுத்தாகத் தெரிவது கணக்கில் ஒன்றாக இருக்காது. ‘தெ’ இரண்டு, ‘ன்’ இரண்டு, புள்ளியும் தனிக் குறி.

நான் அனுப்பிய ஒரு செய்தியைப் பாருங்கள். 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈக்கானது:

```
தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடிக்க வேண்டாம். ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கவும்.
Coconut whitefly: Don’t spray pesticide. Wash the underside of fronds with a strong jet of water.
```

தமிழ் வரியை எழுத்தெழுத்தாக எண்ணினால் இடைவெளியும் சேர்த்து 57. யூனிகோடில் 92. ஆங்கில வரி 97, `Don’t`இல் உள்ள வளைந்த குறி இல்லாமல் தனியாகப் போயிருந்தால் ஒரு கிரெடிட்டோடு முடிந்திருக்கும். தமிழோடு சேர்ந்ததும் அதுவும் யூனிகோடாகிவிட்டது. மொத்தம் 190, மூன்று துண்டு. விற்றவர் சொன்ன எழுத்துக் கணக்கில் 155தான், 1,200 கழிய வேண்டிய இடத்தில் 3,600 கழிந்தது. செய்தி அனுப்பும் அவருடைய இணையப் பேனலோ கடைசி வரை "190, 3 மெசேஜ்" என்று காட்டவே இல்லை, வெறும் "1" என்றே காட்டியது.

பணத்தைவிட வலித்தது வேறு. சில பழைய பட்டன் போன்களில் துண்டுகள் தனித்தனியாக வந்தன. முதல் துண்டு ‘தண்ணீ’ என்ற இடத்தில் முறிகிறது. அடுத்த துண்டு "ரைப் பீய்ச்சி அடிக்கவும்" என்று தொடங்குகிறது. ஒரு பெரியவருக்கு இரண்டாம் துண்டு மட்டும் வந்து, அவர் பூச்சிமருந்து வாங்கி அடித்துவிட்டார். வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் அதில் செத்துப்போகும். வேண்டாம் என்று எழுதியதே அதற்காகத்தான்!

விற்றவரைக் கேட்டால், "ஆபரேட்டர்தான் கழிக்கிறாங்க, நான் என்ன பண்ண முடியும்?" அடுத்த முறை, "டிஎல்டி டெம்ப்ளேட் உங்க பேர்லதானே இருக்கு, அங்க கேளுங்க." செய்தியின் மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்யும் இடம் அது. அப்புறம், "அண்ணா, தமிழ்ல அனுப்பினா அப்படித்தான், எல்லாருக்கும் தெரியும்." எல்லாருக்கும் தெரிந்ததை விற்கும்போது ஏன் சொல்லவில்லை? 9,000 ரூபாயில் பாதியாவது கிரெடிட்டாகத் தாருங்கள் என்றேன். இப்போது போனையே எடுப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் இதையாவது பாருங்கள். சோதனைக்கு ‘வணக்கம்’ வேண்டாம், உங்கள் நீளமான செய்தியையே அனுப்பச் சொல்லி, டெலிவரி ரிப்போர்ட்டில் எத்தனை துண்டு என்று பாருங்கள். இரண்டு மொழியை ஒரே செய்தியில் போடாதீர்கள், யாருக்கு எந்த மொழி என்று பட்டியலைப் பிரித்துவிடுங்கள். தமிழைச் சுருக்கலாம், இது 63தான், ஒரே துண்டு:

```
தென்னை வெள்ளை ஈ: மருந்து வேண்டாம். ஓலை அடியில் நீர் பீய்ச்சவும்
```

ஆங்கிலத்தில் `Don’t` என்ற வளைந்த குறியும் ₹ குறியும் கூடாது, ஒன்று இருந்தாலே முழுச் செய்தியும் யூனிகோடாகிவிடும். நேரான `Don't` போடுங்கள், ரூபாய்க்கு `Rs` போடுங்கள். தமிழுக்கு ஒரு கிரெடிட் எத்தனை குறி என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் 9,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.