பாட்டியின் கதையா, பட்டறையின் கதையா? கைச்சோப்புக் கடையின் ‘எங்கள் கதை’ பகுதி

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் அண்ணி குளியல் சோப்பு செய்து விற்கிறார். இணையக் கடை திறந்தபோது ‘எங்கள் கதை’ என்ற பகுதியை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. குடும்பத்திலிருந்து தொடங்கும் கதை ஒன்றும், செய்முறையிலிருந்து தொடங்கும் கதை ஒன்றுமாக இரண்டு வடிவங்களை எழுதினேன். முதலாவது ஐந்து மாதங்கள் இருந்தது. இரண்டாவதை 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து வைத்திருக்கிறோம், மாற்றும் எண்ணம் இல்லை. எனவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செய்முறைக் கதையே சிறந்தது.

பலரும் கையாளும் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ‘இரசாயனம் அற்றது, நூறு சதவீதம் இயற்கையானது’ என்று அறிவிக்கும் பகுதி அது. இதை நாங்கள் எழுதிப் பார்க்கவே இல்லை. காஸ்டிக் சோடா என்ற இரசாயனத்தைச் சேர்க்காமல் எண்ணெய் சோப்புக் கட்டியாக மாறாது என்பதால், அந்த வாக்கியம் முதல் சொல்லிலேயே பொய்யாகிவிடுகிறது. ‘தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்றது’ என்பதும் அப்படியே. எண்ணெயில் செய்த உண்மையான சோப்பின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். தோலினுடையது ஏறக்குறைய 5.

குடும்பக் கதையை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது. படிப்பவரின் மனத்தில் உடனே இடம் பிடிப்பது அதுதான். நான் எழுதிய முதல் வடிவம் இப்படித் தொடங்கியது: “தோட்டத்தில் வாழ்ந்த எங்கள் பாட்டியின் கைப்பக்குவத்தில் உருவானது இந்தச் சோப்பு. மகளின் கரப்பான் தீர வழி தேடியபோது அந்தப் பழைய முறையை மீட்டெடுத்தோம்.” எழுதியபோது இதில் பொய் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பாட்டி தோட்டத்தில் வாழ்ந்தார். அண்ணியின் மகளுக்குக் கரப்பான் இருந்தது. சோப்பை மாற்றிய பின் எரிச்சல் குறைந்தது. ஆனால் பாட்டி அரைத்தது பயற்றம்பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும் சேர்ந்த நலங்கு மாவு. அவர் வாழ்நாளில் சோப்பு காய்ச்சியதே இல்லை. மகளுக்கு அதே மாதங்களில் மருத்துவர் கொடுத்த களிம்பும் பூசப்பட்டது. தனித்தனியே உண்மையான செய்திகளை அடுத்தடுத்து வைத்ததாலேயே ஒரு பொய் பிறந்துவிட்டது.

அதன் விளைவு வாட்ஸ்அப்பில் வந்து நின்றது. ஈப்போவிலிருந்து ஒரு தாய், தம் மகனுக்கு மருத்துவர் கொடுத்த களிம்பை நிறுத்திவிட்டு இந்தச் சோப்பை மட்டும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். அண்ணி அந்தச் செய்தியை என்னிடம் காட்டி, “தம்பி, நாம இப்படி எங்கேயும் சொல்லலையே” என்றார். சொல்லத்தான் சொல்லியிருந்தோம். களிம்பை நிறுத்த வேண்டாம் என்று அந்தத் தாய்க்கு உடனே பதில் எழுதிவிட்டு, அன்றிரவே அந்த வாக்கியத்தை எடுத்தோம். சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் அது நிற்காது. மலேசியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகவே கருதப்படுகிறது. அழகுசாதனப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்ய இடமில்லை. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் பொருளைத் தெரிவித்ததும் NOT என்று தொடங்கும் எண் கிடைக்கிறது. அது அறிவிப்பு எண். தரத்துக்குக் கிடைத்த சான்று அன்று. அந்த எண்ணை அப்படியே அச்சிடலாம். ‘அமைச்சு அங்கீகரித்தது’ என்று அதைக் கதைக்குள் இழுத்துவருவது, நம்பிக்கை வைத்துப் படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

செய்முறைக் கதை எழுதத் தொடங்கியபோது நான் முதலில் திறந்தது அண்ணியின் குறிப்பேட்டை. ஒரு தடவைக்கு 1,000 கிராம் எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 300, செம்பனை எண்ணெய் 300, ஆலிவ் எண்ணெய் 350, விளக்கெண்ணெய் 50. ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாற வெவ்வேறு அளவு காஸ்டிக் சோடாவைக் கேட்கும். தேங்காய் எண்ணெய்க்குக் கிராமுக்கு ஏறத்தாழ 0.183, ஆலிவுக்கு 0.134. இந்த நான்குக்கும் கணக்கிட்டால் மொத்தம் சுமார் 150 கிராம் வருகிறது. அண்ணி சேர்ப்பதோ 143 கிராம். 5 சதவீதம் குறைத்துச் சேர்ப்பதால் காஸ்டிக் சோடா முழுவதும் வினையில் தீர்ந்து, கொஞ்சம் எண்ணெய் மட்டும் மிஞ்சும்.

இந்தக் கணக்கைக் கதையில் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேச்சு நடந்தது. காஸ்டிக் சோடா என்ற பெயரைப் பார்த்தாலே வாங்குபவர் ஓடிவிடுவார் என்று அண்ணி அஞ்சினார். சொல்லாமல் விட்டால் அந்தக் கேள்வியை வேறொருவர் கேட்பார், அப்போது நாம் மறைத்ததாகத் தோன்றும் என்பது என் வாதம். கடைசியில் எண்களைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் இரண்டு வாக்கியங்களில் எழுதினோம்.

ஆயினும் என்னை முழுமையாகச் செய்முறைக் கதையின் பக்கம் திருப்பியது நேர்மை மட்டுமல்ல, பராமரிப்பு. கதைப் பகுதியை ஒரு முறை எழுதி மறந்துவிடுகிறோம். தொழிலோ மாதந்தோறும் மாறுகிறது. எழுதிய அன்று உண்மையாக இருந்த வாக்கியம், யாரும் தொடாமலேயே பொய்யாகிவிடும். குடும்பக் கதையில் இது நேரும்போது தெரிவதே இல்லை, ஏனெனில் அங்கே சரிபார்க்க எதுவும் கிடையாது. செய்முறைக் கதையில் பொய்யான வாக்கியம் உடனே கண்ணில் குத்தும்.

எங்களுக்கு அது இரண்டு முறை நேர்ந்தது. முதலாவது, ஆலிவ் எண்ணெய். ஸ்பெயினில் தொடர்ந்த வறட்சியால் 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் ஆலிவ் எண்ணெய் விலை ஏறியது. அண்ணி 350 கிராமை 250 ஆகக் குறைத்து, மிச்சத்துக்குத் தவிட்டெண்ணெய் சேர்த்து, காஸ்டிக் சோடா அளவையும் மறுபடி கணக்கிட்டார். சோப்பில் குறை ஏதும் இல்லை. ஆனால் எங்கள் கதை இன்னும் ‘ஸ்பெயின் ஆலிவ் எண்ணெயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன்பின் மாறக்கூடிய எதையும் கதையில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். எண்ணெய்களின் பட்டியலும் அது வந்த ஊரும் உறையில் ஒட்டும் சீட்டுக்குப் போயின. சீட்டு ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக அச்சாகிறது. மாறினால் கடையே வேறு கடையாகிவிடும் என்று சொல்லத்தக்க செய்திகள் மட்டும் கதையில் தங்கின.

இரண்டாவது, தீபாவளி. ‘ஆறு வாரம் காயவைக்கிறோம்’ என்று எழுதியிருந்தோம். அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் குளிர்முறைச் சோப்பு அச்சிலிருந்து எடுத்து வெட்டிய அன்று ஈரமாக இருக்கும். அடுக்கில் வைக்க வைக்க நீர் வற்றி, கெட்டியாகி, குளியலறையில் சீக்கிரம் கரையாமல் நிற்கும். 120 கிராம் கட்டி ஆறு வாரத்தில் 106, 107 கிராமுக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் மழை மாதங்களில் எடை இறங்குவது தாமதப்படும். 2024 தீபாவளி அக்டோபர் 31. அதற்கு ஆறு வாரம் முன்பு என்றால் செப்டம்பர் 19. அண்ணி கடைசித் தடவையை வெட்டியது அக்டோபர் முதல் வாரத்தில். பரிசுப் பெட்டிகளுக்கு முன்பதிவு குவிந்திருந்தது, அடுக்கில் இருந்ததோ நான்கு வாரம்கூடக் காயாத கட்டிகள். அவற்றை அனுப்பியிருந்தாலும் யாருக்கும் தீங்கு நேராது, சோப்பு கொஞ்சம் விரைவில் கரையும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கதை பொய்யாகியிருக்கும். எனவே ஒவ்வொரு கட்டியின் காகிதப் பட்டையிலும் வெட்டிய தேதியை முத்திரையிட்டு, ‘நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் பயன்படுத்தினால் நல்லது’ என்று கையால் எழுதி அனுப்பினோம். சிலர் முன்பதிவை விலக்கிக்கொண்டார்கள். அந்த முத்திரை அதோடு நிரந்தரமாகிவிட்டது. கதையின் வாக்கியமும் அதற்கேற்ப மாறியது.

இப்போது கடையில் இருக்கும் வடிவம் இதுதான்:

“இந்தச் சோப்பை ஒருவரே செய்கிறார், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு கட்டிகள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியாது, நாங்களும் சேர்க்கிறோம். எண்ணெய் முழுவதையும் மாற்றத் தேவையானதைவிடக் குறைவாகச் சேர்ப்பதால், அது வினையில் தீர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகிறது. வெட்டிய தேதி ஒவ்வொரு பட்டையிலும் உண்டு. அந்த நாளிலிருந்து ஆறு வாரம் காய்வது நல்லது. மஞ்சள் நிறத்துக்காகவே மஞ்சள் சேர்க்கிறோம், வெயிலில் அது வெளுக்கும். இது உடலைச் சுத்தம் செய்யும் சோப்பு. தோல் நோய்க்கு மருந்து அன்று. வெட்டிவேர் வாசனையின் மேல் ஆசை வந்தது நலங்கு மாவு அரைத்த பாட்டியால்.”

பாட்டி கடைசி வாக்கியத்தில் இருக்கிறார். அவர் உண்மையில் தந்தது எதுவோ, அதற்கு மட்டும் அங்கே இடம் கொடுத்திருக்கிறோம். குடும்பக் கதையை நான் முழுவதும் விலக்கச் சொல்லவில்லை. ஒரு வாக்கியத்துக்கு மேல் அதை வளரவிட்டால், அது செய்யாத வேலையையும் செய்ததாகச் சொல்லத் தொடங்குகிறது என்பதே என் அனுபவம்.

புதிதாக எழுதுபவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், ‘இதைக் காட்டு என்று ஒருவர் கேட்டால் எதை எடுத்துக் காட்டுவேன்’ என்று பென்சிலால் குறித்துப் பார்க்கலாம். எங்கள் வடிவத்தில் குறிப்பேடு, தராசு, தேதி முத்திரை, எண்ணெய் வாங்கிய ரசீது ஆகியவை அந்த ஓரத்தில் வந்தன. ‘அன்போடு செய்தது’ என்பதற்கு எதுவும் வரவில்லை, அதை நீக்கினோம். ‘மென்மையானது’ என்பதற்கும் எதுவும் வரவில்லை. அண்ணிக்கு அந்தச் சொல்லை விட மனமில்லாமல் நாலு நாள் இருந்தது, பிறகு அதுவும் போனது.

விற்பனை இதனால் கூடியதா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கதையை மாற்றிய அதே மாதத்தில் உறையையும் மாற்றினோம், அதனால் எதன் விளைவு எது என்று பிரித்தறிய வழியில்லை. கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் கேள்விகளில்தான். கரப்பானுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் குறைந்து, பட்டையில் உள்ள தேதியைச் சொல்லி இன்னும் எத்தனை வாரம் வைக்கலாம் என்று கேட்பவர்கள் வந்தார்கள். கட்டியில் ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார் பட்டர்வொர்த் வாடிக்கையாளர் ஒருவர். எண்ணெய் சிக்குப் பிடிப்பதன் அடையாளம் அது. தேதியை வைத்துக் குறிப்பேட்டில் அந்தத் தடவையைத் தேடி, அதே பன்னிரண்டில் மீதமிருந்த ஐந்தையும் அண்ணி விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்.

தயாராகக் கிடைக்கும் சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றி விற்பவர்களுக்கு இந்த வழி எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. ஜார்ஜ் டவுனில் ஒரே ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எண்ணெயிலிருந்தே செய்வதாக எழுதித் தரும்படி அவர் முதலில் கேட்டார். அப்படி எழுத மறுத்து, “கட்டியை வாங்குகிறோம், மணமும் வடிவமும் எங்களுடையவை” என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.