வீடே இருட்டு, மீற்றர் மட்டும் சிமிட்டியது: மூன்று மாரி பார்த்த அனுபவம்

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரையில் இருந்து நடந்து போகிற தூரம். மீற்றர் முன் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும் என்பதே 2022 கார்த்திகை வரை எனக்குத் தெரியாது. மாதம் 95 யுனிட் அளவில் வந்த பில் அந்த மாதம் 168 வந்தது, மார்கழியில் 240. எங்களிடம் ஏசி இல்லை, ஹீற்றர் இல்லை. பழைய பிரிட்ஜ்தான் கரண்டைக் குடிக்கிறது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் நம்பினேன்.

பிரிட்ஜ் விற்கப் போகுமுன் ஒரு நாள் இரவு சும்மா ஒரு சோதனை செய்தேன். விளக்கு, விசிறி எல்லாம் நிறுத்தி, பிரிட்ஜ், டிவி, ரவுட்டர், சார்ஜர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிட்டு டோர்ச்சோடு மீற்றருக்கு முன்னால் நின்றேன். விளக்கு ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை, பிசகாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றுவது முக்கியம். முதல் தடவை விளக்கு, விசிறிச் சுவிட்சுகளை மட்டும் நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் தானாக ஓடி நிற்பதைப் பார்த்து அரைமணி நேரம் குழம்பினேன்.

மீற்றர் முகத்தில் `3200 imp/kWh` என்று அச்சடித்திருக்கும். 3200 தடவை சிமிட்டினால் ஒரு யுனிட் என்று அர்த்தம். சில மீற்றரில் அது 1600, சிலதில் 1000. 3200 என்றால் கணக்கு சுலபம்: 1125ஐ இரண்டு சிமிட்டலுக்கு நடுவே போகும் செக்கனால் பிரித்தால் அந்த நேரம் ஓடும் வாட் வரும். (1600 மீற்றருக்கு 2250.) ஐந்து செக்கன் என்றால் 225 வாட். இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 5.4 யுனிட், மாதத்துக்கு 162. எங்கள் பில்லில் கூடியது கிட்டத்தட்ட அதுதான். பிரிட்ஜ் பாவம்.

அடுத்த நாள் பெட்டியைத் திறக்காமல், வெளியே உள்ள சுவிட்சுகளை மட்டும் வைத்துத் தேடினேன். எங்கள் பெட்டியில் முதலில் மெயின் சுவிட்ச், அதற்குப் பிறகு ட்ரிப் சுவிட்ச், பிறகு அறைகளுக்கான சின்ன பிரேக்கர்கள். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். சிமிட்டல் மாறவில்லை. எல்லாம் இறங்கிய பிறகும் அதே ஐந்து செக்கன். ட்ரிப் சுவிட்சையும் இறக்கினேன். அப்பவும் அதே ஐந்து செக்கன்! கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கியதும் விளக்கு நின்றது.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மெயினை இறக்கிய பிறகும் சிமிட்டியிருந்தால், கரண்ட் போவது மீற்றருக்கும் மெயினுக்கும் நடுவில். அல்லது மீற்றரிலேயே கோளாறு. அதை நாம் தொடக்கூடாது, சீல் போட்ட பகுதி, மின்சார சபைக்குச் சொல்லவேண்டியதுதான். எங்கள் வீட்டில் மெயினோடு நின்றது, ட்ரிப்போடு நிற்கவில்லை. அப்படியென்றால் மெயினுக்கும் ட்ரிப்புக்கும் நடுவில் இருந்து யாரோ ஒரு வயரை இழுத்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ட்ரிப் சுவிட்சைப் பற்றி ஒரு கணக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை மிச்சம். வீடுகளில் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கு மேல் கரண்ட் மண்ணுக்குக் கசிய விடாது. 230 வோல்ட்டில் 30 மில்லி அம்பியர் என்பது கிட்டத்தட்ட ஏழு வாட். அவ்வளவுதான் கசிகிறது என்றால் எங்கள் மீற்றர் இரண்டே முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சிமிட்டும். ஆகவே எல்லாம் நிறுத்திய வீட்டில் விளக்கு வேகமாக அடித்தால், 'எங்கேயோ சுவர் ஈரம், கசியுது' என்று விட்டுவிட முடியாது. ட்ரிப்புக்குக் கீழே, நாம் மறந்துபோன ஒரு பொருள் உண்மையாகவே ஓடுகிறது. இல்லையென்றால் ட்ரிப்புக்கு மேலே ஏதோ தொங்குகிறது. அதுவும் இல்லையென்றால் ட்ரிப் சுவிட்ச் செத்துப்போய்விட்டது. கடைசியைப் பார்க்கத்தான் அதில் ஒரு டெஸ்ட் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் உடனே விழவேண்டும். எங்களுடையது விழுந்தது.

வயரிங் வேலை செய்யும் அண்ணை ஒருவர் வந்து மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். மெயினின் கீழ்த் திருகில் இரண்டிரண்டு வயர். ஒரு சோடி ட்ரிப்புக்குப் போகிறது. மற்றது பின்பக்கமாகப் போய், குசினிச் சுவரைத் தாண்டி கிணற்றடி மோட்டருக்கு. வீட்டை நாங்கள் வாங்கியபோதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

"மழைக்கு மோட்டர் ட்ரிப்பை விழுத்தியிருக்கும் தம்பி. பிழையைத் தேடாமல் ட்ரிப்புக்கு முன்னால கொழுவி விட்டிருக்கிறாங்கள்" என்றார். தான் போகிற வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறாராம்.

ஆனால் மோட்டர் நின்றுதானே இருந்தது, குசினிச் சுவிட்சும் ஓஃப். பிறகு எப்படி ஓடும்? அவர் மெயினை மறுபடி போட்டு, கிளாம்ப் மீற்றரின் வாயைத் திறந்து மோட்டருக்குப் போகும் லைவ் வயரை மட்டும் கவ்வ வைத்தார். 0.97 அம்பியர். நியூட்ரலை மட்டும் கவ்வினார். பூச்சியம். பிறகு இரண்டையும் சேர்த்துக் கவ்வினார். திரும்பவும் 0.97. ஒழுங்கான வயரிங்கில் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டவேண்டும். இங்கே லைவில் போனது நியூட்ரலில் திரும்பவில்லை. முழுவதும் மண்ணுக்குள் போகிறது. 0.97ஐ 230ஆல் பெருக்கிப் பாருங்கள், 223 வாட். நான் விளக்கை எண்ணிப் பெற்ற 225க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டு ரூபா டோர்ச் வேலை என்று என்னைக் கிண்டல் பண்ணிய தங்கை அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

சுவிட்ச் ஓஃபில் இருந்தும் லைவ் போனதற்குக் காரணம், அது ஒற்றைச் சுவிட்ச், அதைப் போட்டவர் நியூட்ரல் வயரில் போட்டிருந்தார். நியூட்ரலை வெட்டினாலும் மோட்டர் நிற்கும், பார்க்கிறவருக்கு எல்லாம் சரி. லைவ் மட்டும் கிணற்றடி வரை இரவு பகலாக உயிரோடு இருக்கும். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் தோண்டினோம். ஒரு முழம் ஆழத்தில் பைப் வெடித்திருந்தது, அதற்குள் வயரில் ஒரு ஒட்டு, மேலே வெறும் கறுப்பு டேப். டேப்பைத் தொட்டதும் ஊறின புடவை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே செம்பு பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது, லைவ் வயரில் இரண்டு இழைதான் மிச்சம். கடற்கரை மண்ணில் உப்பு; மாரி வந்து ஊறினால் அது நல்ல கடத்தி. கோடையில் காய்ந்திருக்கும்போது கசிவு குறைவாக இருந்திருக்க வேண்டும், ஆகவேதான் பில்லில் நாங்கள் கவனிக்கவில்லை. ஒரு அம்பியர் கசிந்தாலும் 16 அம்பியர் பிரேக்கர் விழாது. அதற்கு அது இரண்டு மூன்று விசிறி ஓடுகிற மாதிரி.

பில்லை விட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. இரண்டு மாரியாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "கிணத்தடியில வெறுங்காலோட நிண்டு வாளியைப் பிடிச்சால் சுர் எண்டுது." நரம்புத் தளர்ச்சி என்று நாங்கள் மருந்து வாங்கிக் கொடுத்தோம். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது ஈர நிலத்தில் அப்படிச் சுர் என்று இருந்தால், சிமிட்டலை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பழைய வயரை முழுவதும் எடுத்துவிட்டு, மண்ணுக்குள் போகாமல் மதிலோரமாகப் பைப்பில் புதிய வயர் இழுத்தோம், எர்த் வயரும் சேர்த்து. அது இப்போது ட்ரிப்புக்குக் கீழே. ஒற்றைச் சுவிட்சுக்குப் பதில், லைவையும் நியூட்ரலையும் ஒன்றாக வெட்டும் இரட்டை பிரேக்கர். மூடுவதற்கு முன், வயரின் உறை கசிகிறதா என்று சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தார். குறைந்தது ஒரு மெகா ஓம் வேண்டும். மோட்டரும் வயரும் சேர்த்து இருபதுக்கு மேல் காட்டியது. பழைய வயரில் முள் பூச்சியத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு மூன்று மாரி போய்விட்டது. 2023 மழையில் ட்ரிப் இரண்டு தடவை விழுந்தது. விடியக்காலையில் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது, முன்பு மாதிரி நேரே கொழுவி விட்டால் என்ன என்று எனக்கே ஒரு நினைப்பு வந்ததை மறைக்கவில்லை. திறந்து பார்த்தால் மோட்டரின் வயர்ப் பெட்டிக்குள் எறும்புப் புற்று, அதில் ஈரம். துடைத்து, ரப்பர் வாசரை மாற்றியதோடு சரி.

இதற்கிடையில் நிலாவெளியில் இருக்கும் சித்தி வீட்டிலும் இதே முறைப்பாடு. அங்கே ட்ரிப்பை இறக்கியதும் சிமிட்டல் நின்றது, ஆகவே கிணற்றடிக்குப் போகவே இல்லை. பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கியதில் பின் அறை பிளக் வரிசை மாட்டியது. சாமான் அறையில், பழைய பாய்களுக்குப் பின்னால், 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கிய இன்வேர்ட்டர். பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பிளக் மட்டும் கழற்றப்படவில்லை. பற்றரி செத்துவிட்டால் அது ஒருபோதும் நிரம்பாது, சார்ஜர் ஊட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கை வைத்தபோது நல்ல சூடு, லேசான அழுகின முட்டை மணம். பதினான்கு செக்கனுக்கு ஒரு சிமிட்டல், அதாவது 80 வாட். மணம் வந்த பற்றரிக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கக்கூடாது, யன்னலைத் திறந்துவிட்டுத்தான் கழற்றினோம்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கூரையில் சோலார் போட்ட வீட்டில் பகலில் வெளியே போகும் கரண்டுக்கும் சில மீற்றர் சிமிட்டும், ஆகவே இரவில்தான் பார்க்கவேண்டும். மிகச் சின்னக் கசிவை, ஐந்து வாட்டுக்கும் குறைந்ததை, மீற்றர் எண்ணாமலே விடலாம். சில மீற்றரில் எதுவும் ஓடாதபோது விளக்கு அணையாமல் தொடர்ந்து எரியும். அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

நான் ஒவ்வொரு மாரி தொடங்கும்போதும் ஒரு இரவு எண்ணி, குசினிக் கலண்டரில் எழுதிவைக்கிறேன். இந்தத் தடவை 140 செக்கனுக்கு ஒன்று, எட்டு வாட். வெளியே கொட்டுகிற மழை. ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. பிறகு பார்த்தால், தங்கை ரவுட்டர் பிளக்கைக் கழற்ற விடாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.