ரெஃப்ரெஷ் கிராண்ட் கடிதத்தில் இருக்கும் தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

ஸ்டார்ட்அப்பில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆப்ஷன்தான் ரெஃப்ரெஷ் கிராண்ட். புது ஃபண்டிங் வந்த கையோடு ஹெச்ஆரிடமிருந்து வரும் கடிதத்தில் "2,500 ஆப்ஷன், மதிப்பு 2.5 லட்சம்" என்று இருக்கும். கம்பெனி விற்கும் நாளில் அதில் ஒரு காசுகூடக் கைக்கு வராமல் போகலாம். எப்படி என்று ஒரு மாதிரிக் கணக்கில் பாருங்கள்.

கடைசி ரவுண்டில் முதலீட்டாளர் கொடுத்த விலை பங்குக்கு 100. அதை 2,500-ஆல் பெருக்கி எழுதிவிட்டார்கள். அவர் வாங்கியது முன்னுரிமை உள்ள ப்ரிஃபர்டு பங்கு. உங்களிடம் இருப்பதோ சாதாரணப் பங்கை வாங்கும் உரிமை மட்டும். அதற்கும் பங்குக்கு 40 ஸ்ட்ரைக் விலை கட்ட வேண்டும். கடிதம் அதைக் கழிப்பதே இல்லை.

வேலையில் சேர்ந்தபோது, மொத்தம் 1 கோடி பங்கில் உங்களுக்கு 10,000 ஆப்ஷன், ஸ்ட்ரைக் 10. அதாவது 0.1%. புது ரவுண்டில் முதலீட்டாளருக்கும், ஊழியர்களுக்கு ஒதுக்கும் ஆப்ஷன் பூலுக்குமாக 25 லட்சம் பங்கு கூடியதும் அது 0.08% ஆனது. ரெஃப்ரெஷ் 2,500 சேர்ந்தால் மறுபடியும் 0.1%. பரிசு மாதிரி நீட்டினாலும், குறைந்ததைத்தான் நிரப்பியிருக்கிறார்கள். அதுவும் நான்கு மடங்கு ஸ்ட்ரைக் விலையில், பெரும்பாலும் புதிதாகத் தொடங்கும் வெஸ்டிங்கோடு, அதாவது ஆப்ஷன் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகும் காத்திருப்போடு.

இப்போது கம்பெனி 80 கோடிக்கு விலை போகிறது. 0.1% என்றால் 8 லட்சம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் முதலீட்டாளர்கள் மொத்தம் 50 கோடி போட்டு, 50 லட்சம் பங்கு வைத்திருக்கிறார்கள். போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை, அதாவது லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ், அவர்களுக்கு உண்டு. சாதாரணப் பங்காக மாற்றினால் அவர்களின் 40%-க்கு 32 கோடிதான் வரும் என்பதால், 50 கோடியையே எடுப்பார்கள். மிச்சம் 30 கோடியை 75 லட்சம் பங்குக்குப் பிரித்தால் பங்குக்கு 40. ரெஃப்ரெஷின் ஸ்ட்ரைக் விலையும் 40, ஆகவே அதில் கிடைப்பது பூஜ்யம். பழைய ஆப்ஷனில் மட்டும் பங்குக்கு 30 வீதம் 3 லட்சம் தேறும். வரி, கம்பெனிக் கடன், விற்பனைச் செலவு எல்லாம் தனி. ப்ரிஃபரன்ஸ் இரண்டு மடங்காக இருந்தாலோ, போட்டதை எடுத்த பிறகும் மிச்சத்தில் பங்கு கேட்கும் வகையாக இருந்தாலோ இன்னும் மோசம்.

கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எல்லா ஆப்ஷனும் சேர்த்து மொத்தப் பங்கு எத்தனை? ஸ்ட்ரைக் எவ்வளவு? மொத்த ப்ரிஃபரன்ஸ் தொகை எவ்வளவு, எந்த வகை? கம்பெனி கைமாறினால் வெஸ்ட் ஆகாதது என்னவாகும்? வேலையை விட்டால் எக்சர்சைஸ் செய்ய, அதாவது ஆப்ஷனைப் பங்காக வாங்கிக்கொள்ள, எத்தனை நாள்? பல திட்டங்களில் 90 நாள்தான், அதற்குள் ஸ்ட்ரைக் பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்டியாக வேண்டும். பங்கு எண்ணிக்கையைக்கூடச் சொல்ல மறுத்தால், சம்பளப் பேச்சில் அந்த 2.5 லட்சத்தைப் பூஜ்யமாக வைத்தே பேசுங்கள்.