"பிரீ சைஸ்" என்று போடுவதா, அளந்து போடுவதா?

கல்முனையில் வீட்டிலிருந்து லெகின்ஸ் விற்கத் தொடங்கியபோது "பிரீ சைஸ், நல்லா இழுபடும்" என்று மட்டும்தான் விற்பனைக் குறிப்பில் போட்டேன், எழுத ஒரு நிமிடம் போதும், ஆனால் பெரிய உடம்புள்ள ஒரு அக்கா வாங்கி உடுத்ததும் தொடையில் துணி வெளிறி உள்ளே தெரிந்து, திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது அளந்துதான் போடுகிறேன். 95% பருத்தி, 5% ஸ்பான்டெக்ஸ். இடுப்பு இழுக்காமல் 26 அங்குலம், முழுக்க இழுத்தால் 38. அந்த 38ஐ சைஸாக எழுதக் கூடாது, துணி வெளிறத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி "34 வரை வசதி" என்று எழுத வேண்டும். அப்புறம் ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன், 36 நீளம் 34½ ஆகிவிட்டது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இழுபடாத பருத்தி நைட்டிக்கு மார்புச் சுற்றளவும் நீளமும் போதும்.