ஒரே இடம், இரண்டு பேர்: யாரை அணியில் எடுப்பது?

10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். அதிகபட்சம் 654 புள்ளி. கடைசி ஓரிடத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுவதாக வைத்துக்கொள்வோம். தேர்வுச் சுற்று ஆறு.

முதலாமவர்: 627, 628, 628, 629, 629, 627. சராசரி 628.
இரண்டாமவர்: 624, 625, 629, 631, 632, 633. சராசரி 629.

எக்செல்லில் STDEV.S போட்டால், புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் முதலாமவருக்கு 0.9, இரண்டாமவருக்கு 3.7. நிதானமானவர் முதலாமவர்தான், சந்தேகமில்லை. அவரை எடுத்துவிடலாமா?

எங்கே அனுப்பப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் அர்ஜுன் பபுதா 630.1 எடுத்து ஏழாவதாகத்தான் உள்ளே போனார். அந்த மட்டத்தில் முதலாமவர் ஒருமுறைகூட எட்டவில்லை. நிதானமாக வெளியே நிற்பார். இரண்டாமவரோ மூன்று முறை தாண்டியிருக்கிறார். வாசல் 626 என்றால் கதை மாறும்: முதலாமவர் ஆறிலும் உள்ளே, இரண்டாமவர் நான்கில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாமவரின் புள்ளிகள் ஆட்டம் காணவில்லை, வரிசையாக ஏறுகின்றன. இதே ஆறு எண்களைக் குலுக்கிப் போட்டாலும் திட்ட விலக்கம் 3.7தான், வரிசை அதற்குத் தெரியாது. முன்னேற்றத்தையும் அது தடுமாற்றமாகவே எண்ணிவிடும். கடைசி மூன்று சுற்றை மட்டும் எடுத்தால் அவருடைய விலக்கம் வெறும் 1. மூன்று சுற்று ரொம்பக் குறைவு, சரி. ஆனாலும் ஒலிம்பிக் மட்டத்துக்கு என்றால் நான் இரண்டாமவரைத்தான் எடுப்பேன்.